குறட்டை, மூச்சுத் திணறல், பகல் தூக்கம்: வீட்டில் செய்யும் ஸ்லீப் டெஸ்ட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எல்லாரும்தான் குறட்டை விடுகிறார்கள். என் குறட்டை நோயா, வெறும் சத்தமா என்று எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

சத்தத்தை விட, இடையில் வரும் மௌனத்தைத்தான் கவனிக்க வேண்டும். வெறும் குறட்டை ஒரே தாளத்தில் ஓடும். உள்ளே போகும் காற்றும் வெளியே வரும் காற்றும் தொண்டையின் தளர்ந்த சதையை அதிரவைக்கின்றன, அவ்வளவுதான். தூக்கத்தில் மூச்சடைப்பு, அதாவது ஸ்லீப் அப்னியா உள்ளவரின் குறட்டை அப்படி ஓடாது. சத்தம் படிப்படியாக ஏறும், சட்டென்று நிற்கும். பத்து, இருபது, சில சமயம் நாற்பது நொடிகள் வரை ஒரு ஒலியும் இருக்காது. பிறகு தண்ணீருக்குள் மூழ்கியவர் மேலே வந்தது போல ஒரு பெரும் இழுப்பு, உடல் ஒரு அசைவு, மறுபடியும் குறட்டை. இந்தச் சுழற்சி இரவில் பலமுறை திரும்பத் திரும்ப வந்தால் அதை அலட்சியப்படுத்தக் கூடாது.

அந்த மௌனத்தின்போது நெஞ்சையும் வயிற்றையும் பாருங்கள். மூச்சு ஓடவில்லை, ஆனால் நெஞ்சும் வயிறும் அசைந்துகொண்டே இருக்கும். பல நேரங்களில் ஒன்று உள்ளே போகும்போது மற்றது வெளியே வரும். மூளை ‘மூச்சை இழு’ என்று கட்டளை அனுப்புகிறது, தசைகளும் இழுக்கின்றன, ஆனால் தொண்டை மூடியிருப்பதால் காற்று போவதில்லை என்பதற்கு அதுவே அடையாளம். இதைத்தான் அடைப்பு வகை ஸ்லீப் அப்னியா என்கிறார்கள். மூளையின் கட்டளையே வராமல் நெஞ்சும் அசையாமல் நின்றால் அது வேறு வகை. அதற்கான காரணமும் சிகிச்சையும் வேறு.

தூங்கும்போது தொண்டை ஏன் மூடிக்கொள்கிறது? விழித்திருக்கும்போது ஒன்றும் ஆவதில்லையே?

மூக்குக்குப் பின்னாலிருந்து குரல்வளை வரை உள்ள பகுதிக்கு எலும்புச் சுவர் கிடையாது. அதைத் திறந்து வைத்திருப்பது சுற்றியுள்ள தசைகளின் இறுக்கம்தான். தூங்கும்போது அந்த இறுக்கம் தளர்கிறது. கழுத்தைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்திருந்தாலோ, கீழ்த்தாடை சிறியதாகவோ பின்தள்ளியோ இருந்தாலோ, டான்சில் பெரிதாக இருந்தாலோ அங்கே ஏற்கெனவே இடம் குறைவு. மல்லாந்து படுத்தால் நாக்கும் மென்மையான அண்ணமும் பின்னால் சரிகின்றன. மூச்சை இழுக்கும்போது உண்டாகும் உறிஞ்சு விசை மீதி வழியையும் ஒட்டவைத்துவிடுகிறது. மெல்லிய ஸ்ட்ராவைப் பலமாக உறிஞ்சினால் அது ஒட்டிக்கொள்வது போல.

ஒல்லியாக இருப்பவர்களுக்கு இது வராது என்று நினைக்க வேண்டாம். தாடை அமைப்பு காரணமாகவே வருபவர்கள் கணிசமாக இருக்கிறார்கள்.

எட்டு மணி நேரம் தூங்குகிறேன். ஆனாலும் மதியம் கண் சொருகுகிறது. இதற்கும் குறட்டைக்கும் தொடர்பு உண்டா?

ஒவ்வொரு அடைப்பும் முடிவதற்கு மூளை சில நொடிகள் விழிப்பு நிலைக்கு வர வேண்டியிருக்கிறது. அப்போதுதான் தொண்டைத் தசைகள் மறுபடி இறுகும். அந்த விழிப்பு மிகக் குறுகியது என்பதால் காலையில் நினைவில் இருக்காது. ‘நான் அடித்துப் போட்டது போலத் தூங்கினேன்’ என்று சொல்பவருக்கே இரவில் நூறு முறை தூக்கம் உடைந்திருக்கலாம். நேரம் எட்டு மணி, ஆனால் தூக்கம் துண்டு துண்டு.

சோர்வையும் தூக்க மயக்கத்தையும் பிரித்துப் பாருங்கள். உட்கார்ந்து படிக்கும்போதோ கூட்டத்தில் கேட்டுக்கொண்டிருக்கும்போதோ ஒரு பயணத்தில் பயணியாக உட்கார்ந்திருக்கும்போதோ தன்னை அறியாமல் கண் அயர்வது தூக்க மயக்கம். மருத்துவர்கள் எப்வர்த் அளவுகோல் என்ற எட்டுக் கேள்விப் பட்டியலைத் தருவார்கள். ஒவ்வொரு சூழலிலும் தூங்கிவிடும் வாய்ப்புக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண். கூட்டினால் 24-க்கு 10-ஐத் தாண்டினால் அது மிகுதி. ஆனால் மதிப்பெண் குறைவாக இருப்பதால் மட்டும் நோய் இல்லை என்றாகிவிடாது. பலர் இந்த மயக்கத்துக்கு வருடக் கணக்கில் பழகிப்போய், அதையே இயல்பு என்று நினைத்துக்கொள்கிறார்கள். பெண்களில் பலர் மயக்கத்தை விட, தூக்கம் வரவில்லை, உடல் அசதி, காலைத் தலைவலி என்றே சொல்வதால் சந்தேகமே தாமதமாக எழுகிறது.

வண்டி ஓட்டும்போது கண் சொருகியிருந்தால் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்க வேண்டாம். இன்றே வண்டியை நிறுத்திவிட்டு, அதை முதல் வாக்கியமாக மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வேறு என்ன அடையாளங்களைப் பார்க்க வேண்டும்?

மருத்துவர்கள் எட்டு விஷயங்களை எண்ணிப் பார்ப்பது வழக்கம்: மூடிய கதவுக்கு அப்பால் கேட்கும் குறட்டை, பகலில் அசதி, மூச்சு நின்றதை யாரேனும் பார்த்தது, உயர் ரத்த அழுத்தம், உடல் நிறைக் குறியீடு 35-க்கு மேல், வயது 50-க்கு மேல், கழுத்துச் சுற்றளவு 40 செ.மீ.க்கு மேல், ஆண் பாலினம். இரண்டு வரை இருந்தால் வாய்ப்பு குறைவு, மூன்று நான்கு என்றால் நடுத்தரம், ஐந்தோ அதற்கு மேலோ என்றால் அதிகம். கழுத்தைத் துணி டேப்பால், குரல்வளை மேட்டை ஒட்டி இறுக்காமல் அளக்க வேண்டும்.

இரவில் இரண்டு மூன்று முறை சிறுநீர் கழிக்க எழுவது பட்டியலில் இல்லாவிட்டாலும் கவனிக்கத் தக்கது. அடைபட்ட தொண்டைக்கு எதிராக மூச்சை இழுக்கும்போது இதயத்தின் மேலறைகள் விரிகின்றன. உடல் அதை ‘நீர் மிகுதி’ என்று தவறாகப் புரிந்துகொண்டு சிறுநீரை வெளியேற்றும் ஹார்மோனைச் சுரக்கிறது. சிறுநீர் முட்டியதால் எழுந்தோம் என்று நினைக்கிறோம். மூச்சடைப்பால் எழுந்தபின் சிறுநீர் முட்டுவதை உணர்ந்ததாகவும் இருக்கலாம்.

மருத்துவரிடம் போகும் முன் வீட்டில் ஏதாவது பதிவு செய்து கொண்டுபோகலாமா?

இரண்டு மூன்று நிமிட வீடியோ ஒன்று போதும், மிகவும் உதவும். கனவுத் தூக்கம் விடியலை நெருங்கும் மணிகளில் அதிகம். அப்போது தசைகள் மேலும் தளர்வதால் அடைப்பும் அதிகமாகும். அதனால் விடிவதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில், அவர் மல்லாந்திருக்கும்போது, நெஞ்சும் வயிறும் தெரியும்படி போர்வையை விலக்கி எடுக்க வேண்டும். இருட்டில் எடுத்த ஒலிப்பதிவு குறட்டை இருப்பதைச் சொல்லுமே தவிர, மௌனத்தில் நெஞ்சு அசைந்ததா என்பதைச் சொல்லாது.

வீட்டில் செய்யும் ஸ்லீப் டெஸ்டில் என்னென்ன இருக்கும்?

பொதுவாகக் காணும் வகையில் நான்கு பொருட்கள். மூக்குத் துளையில் மாட்டும் மெல்லிய குழாய், மூச்சால் உண்டாகும் அழுத்த மாற்றத்தை அளக்கும். நெஞ்சைச் சுற்றி ஒரு பட்டை, வயிற்றைச் சுற்றி இன்னொன்று, மூச்சு முயற்சியை அளக்கும். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர், ரத்த ஆக்சிஜனையும் நாடித் துடிப்பையும் அளக்கும். இவை எல்லாம் சேரும் கையடக்கப் பதிவுப் பெட்டி, நெஞ்சுப் பட்டையிலேயே தொங்கும். நீங்கள் எந்தப் பக்கம் படுத்திருக்கிறீர்கள் என்பதையும் அது குறித்துக்கொள்ளும்.

இன்னொரு வகையில் மூக்குக் குழாய் கிடையாது. மணிக்கட்டுக் கருவியும் விரல் உணரியும் விரலின் ரத்த நாளங்கள் சுருங்குவதைப் பார்த்து அடைப்பை ஊகிக்கின்றன. மாட்டுவது எளிது. ஆனால் சில இதயத் துடிப்புக் கோளாறுகள், பேஸ்மேக்கர், ஆல்பா பிளாக்கர் அல்லது நைட்ரேட் வகை மருந்துகள் இருந்தால் அந்த ஊகம் தவறலாம். கருவியை வாங்கும் முன் மருந்துப் பட்டியலைச் சொல்லிவிடுங்கள்.

எந்த வகையிலும் பெரும்பாலும் தலையில் மின்முனைகள் கிடையாது. அதாவது மூளை எப்போது தூங்கியது என்பதைக் கருவி நேரடியாகப் பார்ப்பதில்லை. கீழே வரும் சிக்கல்களில் பாதி இதிலிருந்துதான் பிறக்கிறது.

அன்றிரவு என்ன செய்ய வேண்டும், எந்த வரிசையில் மாட்ட வேண்டும்?

வழக்கமான நேரத்தில், வழக்கமான தலையணையில், வழக்கமாகப் படுக்கும் நிலையில் படுங்கள். ‘சோதனை’ என்பதற்காகப் பக்கவாட்டிலேயே படுத்துக் கிடக்காதீர்கள். மது அருந்தினால் அடைப்பு கூடும், எனவே அதைத் தவிர்ப்பதா என்று முன்னரே கேட்டுவிடுங்கள். தூக்க மாத்திரை எடுப்பவரும் தானாக நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம், கேட்டுச் செய்யுங்கள். மதியத்துக்குப் பின் காபியும் பகல் தூக்கமும் வேண்டாம்.

மாட்டும் விரலில் நகச்சாயமோ செயற்கை நகமோ இருந்தால் முதலில் எடுங்கள். கை குளிர்ந்திருந்தால் தேய்த்துச் சூடாக்குங்கள், ஏனெனில் ரத்த ஓட்டம் குறைந்த விரலில் ஆக்ஸிமீட்டர் தடுமாறும். மெல்லிய பனியன் மேல் நெஞ்சுப் பட்டையை அக்குள் மட்டத்திலும், வயிற்றுப் பட்டையைத் தொப்புள் மட்டத்திலும் கட்டுங்கள். இரண்டு விரல் நுழையும் இறுக்கம் போதும். தளர்ந்தால் இரவில் இறங்கிவிடும், மிக இறுகினால் தூக்கமே வராது.

மூக்குக் குழாயின் இரண்டு முனைகளும் வளைவு கீழ்நோக்கி, முகத்தின் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். தலைகீழாக மாட்டுவதுதான் பலரும் செய்யும் தவறு. காதுகளின் மேல் சுற்றிக் கொண்டுவந்து தாடைக்குக் கீழ் இறுக்கியபின், இரு கன்னங்களிலும் ஒரு துண்டு மருத்துவ டேப் ஒட்டுங்கள். தாடி இருந்தால் டேப்பைத் தாடி இல்லாத இடத்தில், மூக்குக்குப் பக்கத்திலேயே ஒட்டலாம். கடைசியாக ஆக்ஸிமீட்டரை அதிகம் அசையாத கையின் ஆள்காட்டி விரலில் மாட்டுங்கள். சிவப்பு வெளிச்சம் தெரிவது இயல்பு.

பெட்டியை இயக்கியபின் சரியாகப் பதிவாகிறதா என்பதைக் காட்டும் விளக்கைப் பாருங்கள். படுக்கையில் படுத்த நேரம், தூங்கியதாக நினைத்த நேரம், நடுவில் எழுந்தது, கடைசியாக எழுந்தது ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வையுங்கள். கழிப்பறைக்குப் போனால் கருவியை அணைக்காமல் அப்படியே எடுத்துச் செல்லுங்கள். அந்தத் தாள் எவ்வளவு முக்கியம் என்பது அடுத்து வரும் கணக்கில் புரியும்.

காலையில் குழாய் கழுத்தில் கிடந்தது. சோதனை வீணா?

எப்போது கழன்றது என்பதைப் பொறுத்தது. நன்றாகப் பதிவான பகுதி குறைந்தது நான்கு மணி நேரம் இருந்தால் அறிக்கை எழுதப் போதுமானது. குறைந்தால் பெரும்பாலும் மறுபடி செய்யச் சொல்வார்கள். நேர்மையாகச் சொல்லிவிடுங்கள்.

குழாய் கழன்றால் அதன் கோடு தட்டையாகிவிடும், அடைப்பு போலவே தெரியும். ஆனால் கோடு தட்டையாக இருந்தும் பட்டைகள் சீராக அசைந்து, ஆக்சிஜன் குறையாமல் இருந்தால் மூச்சு நிற்கவில்லை, குழாய்தான் நகர்ந்துவிட்டது. வாயால் மூச்சுவிடும் பழக்கம் உள்ளவருக்கும் இதே தோற்றம் வரும். தானியங்கிக் கணக்கை மட்டும் நம்பினால் இவை அடைப்பாக எண்ணப்படும். பயிற்சி பெற்றவர் கோடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்திய அறிக்கைதானா என்று கேட்டுப் பெறுங்கள். அறிக்கையில் அது குறிப்பிடப்பட்டிருக்கும்.

அறிக்கையில் ‘12’ என்று வந்திருக்கிறது. அதற்கு என்ன பொருள்?

ஒரு மணி நேரத்தில் சராசரியாக எத்தனை அடைப்புகள் என்பதே அந்த எண். காற்று 90 சதவீதத்துக்கு மேல் நின்று பத்து நொடி நீடித்தால் முழு அடைப்பு. 30 சதவீதமாவது குறைந்து, கூடவே ஆக்சிஜனும் குறிப்பிட்ட அளவு சரிந்தால் பகுதி அடைப்பு. இரண்டையும் கூட்டி, மணி நேரத்தால் வகுப்பார்கள். பெரியவர்களுக்கு 5-க்குக் கீழ் இயல்பு, 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை.

ஓர் அறிக்கையை உதாரணமாக வைத்துப் பார்ப்போம். பதிவு 7 மணி நேரம், அடைப்புகள் 84. 84-ஐ 7-ஆல் வகுத்தால் 12, லேசானது. ஆனால் அவர் தாளில் எழுதி வைத்தது: படுத்தபின் ஒரு மணி நேரம் தூங்கவில்லை, நள்ளிரவில் முக்கால் மணி நேரம் விழித்திருந்தேன், எழுவதற்கு முன் கால் மணி நேரம் படுத்துக் கிடந்தேன். ஆக இரண்டு மணி நேரம் விழிப்பு. தூங்கியது ஏறக்குறைய 5 மணி நேரம். 84-ஐ 5-ஆல் வகுத்தால் 16.8, நடுத்தரம். அடைப்புகளின் எண்ணிக்கை மாறவில்லை, வகுக்கும் நேரம்தான் மாறியது. தூக்க ஆய்வகத்தில் செய்யும் சோதனையில் தலையில் மின்முனை இருப்பதால் தூங்கிய நேரத்தால் வகுப்பார்கள். வீட்டுக் கருவி பெரும்பாலும் பதிவான நேரத்தால் வகுக்கிறது. தூங்காத மணிகளும் அதில் சேர்வதால் எண் குறைந்தே வரும். இன்னொரு காரணமும் உண்டு. ஆக்சிஜன் சரியாமல் மூளையை மட்டும் எழுப்பிவிடும் சிறு அடைப்புகளை வீட்டுக் கருவி எண்ணுவதேயில்லை.

அதே அறிக்கையின் படுக்கை நிலைப் பகுதியையும் பாருங்கள். மல்லாந்திருந்தது ஒன்றரை மணி நேரம், அதில் 48 அடைப்புகள், மணிக்கு 32. பக்கவாட்டில் ஐந்தரை மணி நேரம், 36 அடைப்புகள், மணிக்கு 6.5. ‘12’ என்ற ஒற்றை எண் சொல்லாத விஷயம் இது. இன்னொரு நாள் இவர் இரவு முழுவதும் மல்லாந்தே படுத்தால் கடுமை என்றே வந்திருக்கும். மறுபுறம், மல்லாந்து படுக்காமல் தடுக்கும் முறைகளும் இவருக்குச் சிகிச்சையின் ஒரு பகுதியாக உதவக்கூடும்.

ஆக்சிஜன் 90-க்குக் கீழே எத்தனை நிமிடம் இருந்தது, அதிகபட்சம் எவ்வளவு இறங்கியது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பகுதி அடைப்பை எண்ணும்போது ஆக்சிஜன் சரிவை 3 சதவீதம் என்று வைத்தார்களா, 4 சதவீதம் என்று வைத்தார்களா என்றும் கேளுங்கள். ஒரே இரவுக்கு இரண்டு விதிகளும் வேறு வேறு எண்ணைத் தரும். ஆகவே இரண்டு அறிக்கைகளை ஒப்பிடும்போது இதைப் பார்க்காவிட்டால் ‘குணமாகிவிட்டது’ என்று ஏமாந்துபோகலாம்.

லேசானது என்று வந்தாலும், பகல் மயக்கம் போன்ற அறிகுறிகள் இருந்தால் அது நோய்தான். 5-க்கு மேல் அறிகுறிகளுடன், அல்லது 15-க்கு மேல் அறிகுறி இல்லாமலே, என்பதே நோயென்று முடிவு செய்யும் வரம்பு.

முடிவு ‘இயல்பு’ என்று வந்தது. ஆனால் மூச்சு நிற்பதை வீட்டில் கண்ணால் பார்க்கிறார்கள். எதை நம்புவது?

பார்த்ததை நம்புங்கள். வீட்டுச் சோதனை ‘உண்டு’ என்றால் பெரும்பாலும் நம்பலாம். ‘இல்லை’ என்பதை அதே உறுதியுடன் நம்ப முடியாது. மேலே சொன்ன காரணங்களோடு, அன்றிரவு நீங்கள் சரியாகவே தூங்காமலோ பக்கவாட்டிலேயே படுத்தோ இருந்திருக்கலாம். சந்தேகம் வலுவாக இருக்கும்போது வீட்டுச் சோதனை இயல்பு என்றாலோ தெளிவில்லை என்றாலோ, அடுத்த படி ஆய்வக இரவுச் சோதனை. அதே வீட்டுச் சோதனையை மூன்று நான்கு முறை செய்துகொண்டிருப்பதில் அதிகப் பயனில்லை.

யாருக்கு வீட்டுச் சோதனையே பொருந்தாது?

இதயச் செயலிழப்பு, பக்கவாதம் வந்தவர்கள், கடுமையான நுரையீரல் நோய், தசை பலவீன நோய், தொடர்ந்து ஓபியாய்டு வகை வலி மருந்து எடுப்பவர்கள், கடுமையான தூக்கமின்மை உள்ளவர்கள். இவர்களுக்கு மூளையின் கட்டளையே வராமல் நிற்கும் வகையோ, மூச்சு ஆழமின்றி ஓடும் வகையோ சேர்ந்திருக்கலாம். அவற்றை வீட்டுக் கருவி சரியாகப் பிரித்துக் காட்டாது. குழந்தைகளுக்கும் ஆய்வகமே.

ஸ்மார்ட் வாட்சும் விரல் ஆக்ஸிமீட்டரும் இருக்கின்றன. அவை போதாதா?

சந்தேகத்தைக் கிளப்பப் போதும், தீர்க்கப் போதாது. மூச்சையும் முயற்சியையும் அவை அளக்காததால், ஆக்சிஜன் சரியாமல் நடக்கும் அடைப்புகள் கண்ணில் படாது. அவ்வப்போது ஒரு அளவு எடுக்கும் கருவி இருபது நொடிச் சரிவைத் தவறவிடலாம்.

நோய் உறுதியானால் அடுத்து என்ன?

நடுத்தரமோ அதற்கு மேலோ என்றால் பொதுவாக முதலில் சொல்லப்படுவது சீபேப் கருவி. அது முகமூடி வழியாக, சீரான அழுத்தத்தில் காற்றைத் தள்ளித் தொண்டையை உள்ளிருந்து திறந்து வைக்கிறது. ஆக்சிஜனைத் தருவதில்லை, அறைக் காற்றைத்தான் தருகிறது. கொலின் சல்லிவன் 1981-இல் ஆஸ்திரேலியாவில் இந்த முறையை அறிமுகப்படுத்தினார். லேசானது முதல் நடுத்தரம் வரை உள்ளவர்களுக்குக் கீழ்த்தாடையை முன்தள்ளும் பல்கருவியும் ஒரு வழி. எடை குறைப்பும் மல்லாந்து படுக்காமையும் இவற்றோடு சேர்ந்து வரும். எது பொருந்தும் என்பது மொத்த எண்ணை விட, அறிக்கையின் படுக்கை நிலை, ஆக்சிஜன் பகுதிகளைப் பொறுத்து முடிவாகிறது. அதனால் மருத்துவரிடம் போகும்போது ஒற்றை எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு போகாமல், முழு அறிக்கையையும் அன்றிரவு நீங்கள் எழுதிய தாளையும் எடுத்துச் செல்லுங்கள்.